முத்திரை உடையாத நூறு குப்பிகள்

விடுதிக்கு வந்த முதல் வாரத்திலேயே கடுகெண்ணெயின் நெடி என்னை விரட்டிற்று. நல்லெண்ணெயில் வளர்ந்த நாக்கு அது. ஆனால் விதியைப் பாருங்கள், முதுகலை ஆராய்ச்சிக்கு எனக்குக் கிடைத்த பொருளும் கடுகெண்ணெயே! கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருக்கிறதா இல்லையா என்பதை அகச்சிவப்பு நிறமாலையைக் கொண்டு கணிப்பொறி கண்டுபிடிக்க வேண்டும். இஃது ஏதோ ஏட்டுப் பயிற்சி என்று எண்ணிவிடாதீர்கள். 1998-இல் டில்லியில் இந்தக் கலப்பட எண்ணெயை உண்டு உடல் வீங்கி மாண்டோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். எனவே நான் எழுதும் எண் ஒவ்வொன்றும் ஒருவர் வீட்டு அடுப்படிவரை செல்லக்கூடியது.

அப்படிப்பட்ட எண் ஒன்றை நான் தவறாக எழுதினேன். அந்தத் தவற்றை நம் சங்கத்து அறிவியல் மாணவர் பலரும் அறியாமலே செய்து வருகிறார்கள் என்று பின்னர் கண்டேன். ஆகவே வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அதை இங்கே விளக்குகிறேன்.

என்னிடம் 500 குப்பிகள் இருந்தன. பாதி தூய எண்ணெய், பாதி கலப்படம். 400 குப்பிகளின் அளவுகளைக் கணிப்பொறிக்குப் பாடமாகக் கொடுத்தேன். 100 குப்பிகளை இறுதிச் சோதனைக்கென்று ஒதுக்கினேன். இதுவரை பழுதில்லை. பாடம் கற்கும் முறைக்கு எஸ்.வி.எம். என்று பெயர். அதில் எண்கள் இருவகை. ஒருவகை எண்களைக் கணிப்பொறி பாடத்திலிருந்து தானே கண்டுகொள்ளும். மற்றொரு வகையைப் பாடம் தொடங்குமுன் நாமே வைத்துக் கொடுக்க வேண்டும். வானொலிப் பெட்டியின் திருகுகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைத்தான் ஹைப்பர்பாராமீட்டர்கள் என்கிறார்கள். நான் திருகு என்றே சொல்லப் போகிறேன்.

என் முறையில் திருகுகள் இரண்டு. `C` என்பது, பாடத்தில் ஒரு குப்பியைத் தவறாகச் சொன்னால் எவ்வளவு கடுமையாகத் தண்டிப்பது என்பதைக் குறிக்கும். `gamma` என்பது, ஒரு குப்பியின் செல்வாக்கு எவ்வளவு தூரம் பரவலாம் என்பதைக் குறிக்கும். `gamma` மிகப் பெரிதானால் ஒவ்வொரு குப்பியும் தன்னைச் சுற்றிச் சிறு வட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். பாடம் மனப்பாடமாகிவிடும், புதிய குப்பிக்கு விடை வராது. மிகச் சிறிதானால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

சரியான நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்தது கட்டத் தேடல். `C`-க்கு 0.01 முதல் 1000 வரை பத்துப் பத்து மடங்காக ஏறும் ஆறு மதிப்புகள், `gamma`-வுக்கு அவ்வாறே பத்து மதிப்புகள். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல 60 புள்ளிகள். நிறமாலையின் இரைச்சலை மழுப்பும் முறைகள் நான்கு இருந்தன. ஒவ்வொரு முறைக்கும் 60 என்று மொத்தம் 240 முயற்சிகள். ஒவ்வொரு முயற்சியிலும் 400 குப்பிகளில் பாடம் நடத்தி, ஒதுக்கி வைத்த 100 குப்பிகளில் மதிப்பெண் பார்த்தேன். 240-இல் மிக உயர்ந்தது எதுவோ அதை எடுத்தேன். நூற்றுக்கு 93! அன்று இரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசி அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், நெல்லைச் சீமைக்காரர், என் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"தம்பி, இந்தத் தொண்ணூற்று மூன்று எந்த நூறில் வந்தது?"

"கடைசி நூறில்தான் அண்ணே. அந்த நூறைப் பாடத்துக்குத் தொடவே இல்லை."

"பாடத்துக்குத் தொடவில்லை, சரி. தேர்ந்தெடுக்கத் தொட்டாயா?"

நான் விடை சொல்லவில்லை. விடை இல்லை என்பதால் அன்று. விடை இருந்தது, அதனால்தான்.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நம்மில் பலரும் ஏமாறுகிறோம். "சோதனைக் குப்பிகளின் விடைகளை மாடலுக்குக் காட்டவில்லையே, மதிப்பெண்ணை மட்டும்தானே பார்த்தேன்" என்கிறோம். மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதால் என்ன கேடு? ஒரு தேர்வை நினைத்துப் பாருங்கள். சரி, தவறு என்று மட்டும் விடையளிக்கும் நூறு வினாக்கள். மாணவன் ஒன்றுமே படிக்காதவன். நாணயத்தைச் சுண்டிச் சுண்டி விடை எழுதுகிறான். ஒரு தாள் கொடுத்தால் அவனுக்கு ஏறக்குறைய 50 கிடைக்கும். ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். ஆனால் அவனை 60 தாள்கள் எழுத விட்டு, ஒவ்வொன்றின் மதிப்பெண்ணையும் சொல்லி, "உயர்ந்ததை வைத்துக்கொள்" என்றால்? அந்த உயர்ந்த தாளில் 61 அல்லது 62 இருப்பதே இயல்பு. விடைத்தாள் வெளியாகவில்லை, வினாத்தாள் வெளியாகவில்லை, அவன் ஒரு சொல்லும் கற்கவில்லை. மதிப்பெண் மட்டும் பன்னிரண்டு ஏறிவிட்டது! புதிய தேர்வு வைத்தால் மறுபடி ஐம்பதுக்கே விழுவான்.

என் 240 முயற்சிகளும் நாணயச் சுண்டல்கள் அல்ல. உண்மையாகவே கற்ற மாடல்கள் அவை. மேலும் அடுத்தடுத்த புள்ளிகளில் பிறந்த மாடல்கள் ஏறக்குறைய ஒரே குப்பிகளில்தான் தவறும். ஆகவே ஏற்றம் நாணயக் கணக்கின் அளவுக்கு இராது. ஆனால் ஏற்றம் உண்டு. அது எவ்வளவு என்று அந்த நூறைக் கொண்டே கண்டுபிடிக்க முடியாது. அந்த நூறுதான் லஞ்சம் வாங்கிவிட்டதே!

பிறகு என்ன செய்தோம்? அண்ணன் அதே எண்ணெய்களிலிருந்து அதே முறையில் புதிதாக 100 குப்பிகள் தயாரித்தார். எண்களை மட்டும் ஒட்டி, எது தூயது எது கலப்படம் என்ற பட்டியலைத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டினார். என் 93 மதிப்பெண் மாடல் அந்தக் குப்பிகளில் வாங்கியது 85. நூறு குப்பிச் சோதனையில் மூன்று நான்கு மதிப்பெண் அங்குமிங்கும் ஆடுவது இயல்புதான். ஒரே ஒரு தடவை எட்டுக் குறைந்ததை வைத்து எல்லாமே என் தேர்வின் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லிவிட மாட்டேன். ஆனால் என்னிடம் வேறொரு சாட்சியும் இருந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையை அப்போது செய்தேன்.

அந்த வேலை இது. 400 குப்பிகளை 80 வீதம் ஐந்து கூறாக்க வேண்டும். நான்கு கூறுகளில் பாடம் நடத்தி, ஐந்தாவதில் மதிப்பெண் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கூறும் ஒருமுறை நடுவராகும்படி ஐந்து தடவை செய்து சராசரி எடுக்க வேண்டும். இதற்குக் குறுக்குச் சரிபார்ப்பு என்று பெயர். திருகுகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இந்தச் சராசரிக்கு மட்டுமே உண்டு. இப்படித் தேர்ந்த திருகுகள் தந்த சராசரி 87. பூட்டி வைத்த புதிய நூறில் அந்த மாடல் வாங்கியது 86. சொன்ன சொல்லும் நடந்த செயலும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. 93 என்பது முதலிலிருந்தே என் ஆசையின் எண். எண்ணெயின் எண் அன்று.

"குறுக்குச் சரிபார்ப்பிலும் உயர்ந்ததைத்தானே பொறுக்குகிறாய், அதுவும் ஏறிய எண்தானே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆம், அதுவும் சிறிது ஏறியதே. 400 குப்பிகள் நடுவராக இருப்பதால் ஏற்றம் குறைவு, அவ்வளவுதான். அதனாலேயே அந்த 87-ஐயும் இறுதி எண்ணாக எழுதக் கூடாது. தேர்வில் எவ்விதப் பங்கும் பெறாத நூறு ஒன்று கடைசியில் வேண்டியிருப்பது அதற்காகத்தான்.

இனித் தேடலைப் பற்றி ஒரு சொல். கட்டத் தேடலைவிடச் சமவாய்ப்புத் தேடல் பெரும்பாலும் மேலானது என்பதை 2012-இல் ஜேம்ஸ் பெர்க்ஸ்ட்ராவும் யோஷுவா பெஞ்சியோவும் தெளிவாகக் காட்டினார்கள். காரணம் எளிது. ஒன்பது முயற்சிகளே செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டால், ஒவ்வொரு திருகுக்கும் மூன்று மதிப்புகளை மட்டுமே பார்க்கிறோம். இரண்டில் ஒன்று பயனற்ற திருகாக இருந்தால், ஒன்பது முயற்சியில் ஆறு வீண். புள்ளிகளைக் கட்டத்தில் வைக்காமல் சீட்டுக் குலுக்கி எடுத்தால், முக்கியமான திருகுக்கு ஒன்பது வெவ்வேறு மதிப்புகள் கிடைக்கின்றன. என் எண்ணெயில் நடந்ததும் இதுவே. `C` ஓரளவுக்கு மேல் போனபின் அதைத் திருகியும் பயனில்லை, எல்லாம் `gamma`-வின் கையில் இருந்தது. என் கட்டமோ அதற்குப் பத்து மதிப்புகள்தாம் தந்தது. 60 முயற்சிகளைக் குலுக்கி எடுத்திருந்தால் அறுபது மதிப்புகள் கிடைத்திருக்கும்.

60 என்ற எண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு முயற்சி, நாம் வகுத்த எல்லைக்குள் மிகச் சிறந்த 5 விழுக்காட்டு இடத்தில் விழாமல் போகும் வாய்ப்பு 0.95. அறுபதும் விழாமல் போகும் வாய்ப்பு 0.95-ஐ அறுபது தடவை பெருக்கிய தொகை, அதாவது ஏறக்குறைய 0.046. ஆகவே ஒன்றாவது அங்கே விழும் வாய்ப்பு 95 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆனால் இந்த உறுதி நாம் வகுத்த எல்லைக்குள் மட்டும்தான். எல்லையே தவறானால் அறுபதும் வீண். சிறந்த மதிப்பு எல்லையின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டால், "எல்லையை விரி" என்று அது சொல்வதாக அறிக. இன்னொன்று: 0 முதல் 1000 வரை நேரடியாகக் குலுக்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு சீட்டுகள் 100-க்கு மேலேயே விழும், சிறு மதிப்புகள் பார்க்கப்படாமலே போகும். பத்தின் மடங்குகளில் சமமாகக் குலுக்க வேண்டும். கீழே உள்ள `loguniform` செய்வது அதுதான்.

```python
from scipy.stats import loguniform
from sklearn.model_selection import RandomizedSearchCV
from sklearn.pipeline import make_pipeline
from sklearn.preprocessing import StandardScaler
from sklearn.svm import SVC

search = RandomizedSearchCV(
    make_pipeline(StandardScaler(), SVC()),
    {"svc__C": loguniform(1e-2, 1e3),
     "svc__gamma": loguniform(1e-5, 1e1)},
    n_iter=60, cv=5, random_state=0)
search.fit(X_dev, y_dev)
```

`X_dev` என்பது அந்த 400 குப்பிகள் மட்டுமே. நூறு குப்பிகளின் பெயரே இந்த நிரலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். `StandardScaler` அளவுகளின் சராசரியைக் கழித்துச் சீராக்குவது. அதைத் தொடருக்குள் வைத்திருப்பதால் அந்தச் சராசரியும் ஒவ்வொரு தடவையும் பாடக் கூறுகளிலிருந்து மட்டும் எடுக்கப்படுகிறது. 500 குப்பிகளையும் முதலில் ஒன்றாகச் சீராக்கிவிட்டுப் பிறகு பிரிப்பவர்கள், கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்து வைப்பவர்கள்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். தேடும் முறை சிறக்கச் சிறக்க, முத்திரையும் வலுக்க வேண்டும். சோம்பேறி ஒருவன் நான்கு முயற்சிகள் செய்து சோதனைத் தரவைப் பார்த்தால் கேடு சிறிது. திறமையாக ஆயிரம் முயற்சிகள் செய்பவன் பார்த்தால் கேடு பெரிது. ஏனெனில் தேடல் எந்த நடுவரிடம் அனுப்பினாலும் அந்த நடுவரின் பலவீனத்தையும் சேர்த்தே கண்டுபிடித்துவிடும். நல்ல தேடல் நேர்மைக்கு ஈடாகாது. அதற்குத்தான் நேர்மை மேலும் தேவை.

இது சிறு மாணவர்களின் சிக்கல் மட்டும் என்று எண்ண வேண்டாம். இமேஜ்நெட் என்ற படம் அறியும் போட்டியில், சோதனைப் படங்களின் விடைகள் அமைப்பாளரிடமே இருந்தன. வாரத்துக்கு இரண்டு தடவை மட்டும் மதிப்பெண் கேட்கலாம் என்பது விதி. 2015-இல் பைடு நிறுவனத்தின் குழு பல கணக்குகளைத் திறந்து, சில மாதங்களில் இருநூறு தடவைகளுக்குக் குறையாமல் மதிப்பெண் கேட்டது வெளிப்பட்டது. அந்தக் குழு ஓராண்டுக்கு விலக்கப்பட்டது. விடைகளை அவர்கள் பார்க்கவில்லை, மதிப்பெண்ணை மட்டும்தான் பார்த்தார்கள். என்னைப் போலவே!

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்க மாட்டேன். 2019-இல் பெஞ்சமின் ரெக்ட்டும் அவருடைய துணைவர்களும் இமேஜ்நெட்டுக்குப் புதிய சோதனைப் படங்களைத் திரட்டிப் பழைய மாடல்களை மறுபடி சோதித்தார்கள். எல்லா மாடல்களின் மதிப்பெண்ணும் பத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் வரிசை பெரிதும் மாறவில்லை, முன்னே நின்றவை முன்னேயே நின்றன. பழைய சோதனையை ஆண்டுக்கணக்கில் பலர் பயன்படுத்தியதைவிட, புதிய படங்கள் சற்றுக் கடினமாக அமைந்ததே வீழ்ச்சிக்குக் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். "பார், பலமுறை பார்த்தும் கேடில்லை" என்று இதைக் காட்டுவோர் உண்டு. ஆனால் அங்கே நடுவராக இருந்தவை பல்லாயிரம் படங்கள். நம் ஆய்வுக்கூடத்திலோ நூறு குப்பிகள், ஐம்பது இலைகள், முப்பது நோயாளிகள். கடலில் ஒரு குடம் மொண்டால் தெரியாது, கிணற்றில் தெரியும்.

"இருப்பதே ஐந்நூறு, அதில் நூறைப் பூட்டிவைத்தால் பாடத்துக்கு எது?" என்று கேட்பவர்களுக்கும் வழி உண்டு. மொத்தத்தையும் ஐந்து கூறாக்கி, ஒவ்வொரு கூறையும் முறைவைத்துப் பூட்டி, மீதி நான்கிலும் தேடல் முழுவதையும் புதிதாக நடத்தலாம். 60 முயற்சி, உள்ளே ஐந்து கூறு, வெளியே ஐந்து கூறு: 1500 பாடங்கள். ஐந்நூறு குப்பிகளுக்கு இஃது ஒரு பிற்பகல் வேலைகூட இல்லை. ஆகவே வறுமையும் சாக்கு ஆகாது.

நான் கேட்பது மூன்று. முதலாவது, சோதனைத் தரவை நாமே வைத்திருக்க வேண்டாம். சங்கத்தில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் படிக்கும் நாம் ஒருவர் சோதனைத் தரவை மற்றவர் பூட்டி வைத்துக்கொள்வோம். இரண்டாவது, எத்தனை முயற்சிகள் செய்தோம், இறுதித் தரவை எத்தனை தடவை திறந்தோம் என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதுவோம். ஒன்று என்ற எண்ணைத் தவிர வேறு எது இருந்தாலும் அது சோதனை அன்று, தேடலின் மற்றொரு சுற்று. மூன்றாவது, வந்த எண்ணை அதன் ஆட்டத்தோடு எழுதுவோம். நூறு குப்பிகளில் 86 என்றால் அதன் பொருள் ஏறக்குறைய 79 முதல் 93 வரை என்பதுதான். அதுவும் நான் வாங்கிய எண்ணெய்களைப் போன்றவற்றுக்கு மட்டும். வேறு செக்கு எண்ணெய்க்கு வேறு சோதனை வேண்டும்.

முத்திரையை உடைத்தபின் எண் குறைவாக வந்தால்? எழுதிவிட வேண்டும். மறுபடி திருகைத் தொட்டால் அந்த நூறு அந்த நொடியே பாடக் குப்பிகளில் சேர்ந்துவிடுகிறது. அடுத்து வேண்டியவை புதிய குப்பிகள்.

என் ஆய்வேட்டில் 93-ஐ அடித்துவிட்டு 86 என்று எழுதினேன். அடித்த கோட்டை அழிக்கவில்லை, படிப்பவர் பார்க்கட்டும். அம்மாவிடமும் சொன்னேன். "ஏன்டா ஏழு குறைஞ்சுது?" என்று கேட்டார். "குறையலம்மா, முதல்ல கூட்டிச் சொல்லிட்டேன்" என்றேன். நூற்றில் பதினான்கு குப்பிகளில் தவறும் கருவியை இன்றைக்கு எவர் வீட்டு எண்ணெய்க்கும் சான்று கொடுக்க விடமாட்டேன். 93 என்று நம்பியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.